கைக்கூலியின் கணக்கு

(டிரஸ்ட்டின் மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





கைக்கூலி ஹராம் என்பதை இந்த மேடையில் நின்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஹஜ்ரத்மார்கள் நாற்பது வருடமாக மிம்பரில் சொல்லி வருகிறார்கள். கேட்ட நாமும் தலையாட்டி இருக்கிறோம். தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய், "பெண் வீட்டார் என்ன செய்வார்களாம்?" என்று விசாரித்தும் இருக்கிறோம். ஆகவே இன்று வேறொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். மார்க்கம் கண்டிக்கிறது, 1961 முதல் நாட்டின் சட்டமும் தடுக்கிறது. அப்படியிருந்தும் ஏன் நிற்கவில்லை? படிக்காதவர்கள் செய்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நன்றாகப் படித்த, கணக்குத் தெரிந்த குடும்பங்கள்தான் அதிகம் கொடுக்கின்றன, அதிகம் வாங்குகின்றன. அந்தக் கணக்கைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு தகவல். இந்தியக் கிராமங்களில் 1960 முதல் 2008 வரை நடந்த சுமார் 40,000 திருமணங்களின் விவரத்தை வைத்து, உலக வங்கியைச் சேர்ந்த பொருளாதார ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து திருமணங்களில் வரதட்சணை கைமாறியிருந்தது. முஸ்லிம் குடும்பங்களின் சராசரி, இந்துக் குடும்பங்களின் சராசரியைவிடச் சற்றுத்தான் குறைவு. மஹர் என்று ஆண் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மார்க்கம் நம்முடையது. ஆனால் பணம் ஓடும் திசையில் நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இது இந்த ஊரில் யாருடைய குடும்பமும் இல்லை. நம் அலுவலகத்துக்குக் குமர் காரியம் என்று வரும் மனுக்களில் திரும்பத் திரும்பப் பார்க்கும் விஷயங்களைச் சேர்த்து நானே அமைத்த உதாரணம். வாப்பாவுக்கு ஒரு மளிகைக் கடை. ஒரு மகன், ஷார்ஜாவில் வேலை. இரண்டு மகள்கள். சொத்து என்று சொன்னால் குடியிருக்கும் வீடு ஒன்றுதான். கணக்கு எளிதாக இருக்க ஒரு பவுன் ஐம்பதாயிரம் என்று வைத்துக்கொள்கிறேன். கடையில் விலை அதைவிடக் கூடுதல் என்பது தாய்மார்களுக்குத் தெரியும்.

மூத்த மகளுக்கு மாப்பிள்ளை அமைகிறது. 20 பவுன் நகை, அதாவது 10 லட்சம். கையில் 3 லட்சம். விருந்துக்கும் சீர் சாமான்களுக்கும் இன்னொரு 3 லட்சம். மொத்தம் 16 லட்சம். வாப்பாவின் சேமிப்பு 5 லட்சம், மகன் அனுப்பியது 4 லட்சம், உம்மாவின் நகையை அடகு வைத்தது 3 லட்சம், சொந்தக்காரர்களிடம் வாங்கிய கடன் 4 லட்சம். அல்ஹம்துலில்லாஹ், கல்யாணம் நன்றாக முடிந்தது என்று எல்லோரும் துஆச் செய்து பிரிகிறோம்.

கடன் நிற்கிறது. இளைய மகளுக்கும் வயதாகிறது. இப்போது வீட்டில் ஒரு யோசனை வருகிறது: மகனுக்கு முதலில் முடித்துவிடலாம். மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். "நாங்கள் எதுவும் கேட்கவில்லை, உங்கள் மகளுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள்" என்ற வாசகம் சொல்லப்படுகிறது. இந்த வாசகத்தின் விலை எவ்வளவு என்பது இரண்டு வீட்டுக்கும் தெரியும். 15 பவுனும் 4 லட்சமும் வருகிறது. அந்த 4 லட்சம் நேராகச் சொந்தக்காரர் கடனுக்குப் போகிறது. இரண்டு வருடம் கழித்து இளையவளுக்கு மாப்பிள்ளை அமையும்போது, மருமகளின் 15 பவுன் அடகுக் கடைக்குப் போகிறது. நாத்தனாரின் கழுத்தில் கிடக்கும் சங்கிலி மருமகளின் வாப்பா கடன் வாங்கிப் போட்டது. அந்த வாப்பா யாரிடம் கடன் வாங்கினார், அதை அடைக்கத் தன் மகனுக்கு எந்த வீட்டில் பெண் எடுப்பார் என்று நீங்களே தொடர்ந்து கொண்டு போகலாம்.

நான் சொல்ல வந்த முதல் விஷயம் இதுதான். கைக்கூலி வாங்குகிறவர் எல்லோரும் பேராசைக்காரர் என்று நினைத்தால் இந்த வழக்கம் நமக்குப் புரியாது. இந்தக் குடும்பத்தில் பேராசைக்காரர் யாரும் இல்லை. மகள்களுக்குக் கொடுத்ததையும் கொடுக்கப் போவதையும் மகனிடத்தில் வசூலிக்கிறார்கள். நடு வழியில் நிற்கும் ஒரு குடும்பம் தனியாக "நாங்கள் வாங்க மாட்டோம்" என்று முடிவெடுத்தால் என்ன ஆகும்? வரவு நின்றுவிடும், செலவு நிற்காது. மகனுக்கு வாங்காத தகப்பனிடம், மகளைப் பெண் கேட்டு வருகிறவர் சலுகை காட்டுவதில்லை. ஆகவே நல்ல எண்ணம் உள்ளவருக்குத்தான் நஷ்டம். ஆண் பிள்ளைகள் அதிகம் உள்ள வீட்டுக்கு இதில் லாபம், பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீடு இதில் மூழ்கிப் போகிறது. நம்மிடம் வரும் மனுக்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட வீடுகளிலிருந்தும், வாப்பா மவுத்தாகிவிட்ட வீடுகளிலிருந்தும் வருவதற்குக் காரணம் இதுவே.

சரி, விலை ஏன் மாப்பிள்ளை பக்கம் ஏறுகிறது? ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய சமமாகத்தான் பிறக்கிறார்கள். ஆனால் நிலையான வருமானம் உள்ள மாப்பிள்ளைகள் அந்த அளவுக்கு இல்லை. எல்லோரும் ஒரே மாதிரி விவசாயமோ கைத்தொழிலோ செய்த காலத்தில் ஒரு மாப்பிள்ளைக்கும் இன்னொருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சம்பள வேலை, பட்டப் படிப்பு, வெளிநாட்டு விசா என்று வந்தபோது வித்தியாசம் வந்தது. அந்த நாலைந்து பேருக்கு நாற்பது வீடுகள் போட்டி போடுகின்றன. இதோடு, நாம் தேடும் வட்டத்தை நாமே சுருக்கி வைத்திருக்கிறோம். ராவுத்தர் ராவுத்தரிலும், மரைக்காயர் மரைக்காயரிலும், லெப்பை லெப்பையிலும், உருது பேசுகிறவர் உருதுக்காரரிலும் தேடுகிறார்கள். அதற்குள் சொந்த ஊர், அதற்குள் நம் மஸ்லக். கடைசியில் கையில் மிஞ்சுவது மூன்று ஜாதகம் என்று இந்துச் சகோதரர்கள் சொல்வார்கள். நமக்கு மூன்று போட்டோ. மூன்று பேர் மட்டும் விற்கும் சந்தையில் விலை குறையுமா?

பெண்ணுக்கு மட்டும் ஒரு கெடு வைத்திருக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பத்திரண்டு வயது மாப்பிள்ளை காத்திருக்கலாம். இருபத்தாறு வயதுப் பெண்ணின் உம்மாவுக்குத் தூக்கம் வராது. பேரத்தில் காத்திருக்க முடியாதவர்தான் கூடுதலாகக் கொடுப்பார். மாட்டுச் சந்தைக்குப் போனவருக்கும் இது தெரியும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. அன்பளிப்பையும் வரதட்சணையையும் எப்படிப் பிரிப்பது என்பதில்தான் அன்றைக்கே இரு அவைகளுக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. சுதந்திர இந்தியாவில் நாடாளுமன்றத்தின் முதல் கூட்டுக் கூட்டம் கூடியது இந்த மசோதாவுக்காகத்தான். முதலில் இருந்த சட்டத்தில், "திருமணத்துக்கு ஈடாக" கொடுத்தால்தான் குற்றம் என்று இருந்தது. ஈடாகக் கொடுத்தார் என்று யார் நிரூபிப்பது? 1980-களில் திருத்தினார்கள். "திருமணம் தொடர்பாக" எது கொடுத்தாலும், வாங்கினாலும் குறைந்தது ஐந்து ஆண்டுச் சிறை. பதினைந்தாயிரம் ரூபாய் அல்லது கொடுத்த மதிப்பு, இதில் எது கூடுதலோ அதற்குக் குறையாத அபராதம். வாய்விட்டுக் கேட்டாலே ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு. மஹர் இதில் வராது என்று சட்டமே தெளிவாக விலக்கு அளித்திருக்கிறது. கேட்காமல் கொடுக்கும் அன்பளிப்புக்கும் விலக்கு உண்டு. ஆனால் நிபந்தனை இருக்கிறது: அது பட்டியலில் எழுதப்பட வேண்டும், பெண் வீட்டார் கொடுப்பது வழக்கமான அளவிலும் அவர்கள் வசதிக்கு மீறாமலும் இருக்க வேண்டும்.

சட்டம் கடுமையானதுதான். ஆனால் நம் உதாரணக் குடும்பத்தின் கல்யாணத்தில் யார் போய்ப் புகார் கொடுப்பார்? கொடுத்ததும் குற்றம் என்பதால் பெண்ணின் வாப்பா வாய் திறக்க மாட்டார். பாதிக்கப்பட்டவர் தரும் வாக்குமூலத்தை வைத்து அவர்மேலேயே வழக்குப் போடக் கூடாது என்று ஏழாவது பிரிவில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. அது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தாலும் நிக்காஹ் நாளில் புகார் கொடுத்தால் நிக்காஹ் நிற்கும், மகள் வீட்டில் நிற்பாள். வாங்கியவர் சொல்ல மாட்டார். விருந்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டவர்கள். பள்ளிவாசல் தஃப்தரில் மஹர் மட்டும்தான் ஏறுகிறது. திருட்டு நடந்தால் பொருள் போனவன் கத்துவான். இங்கே பொருள் போனவனே மெதுவாகப் பேசச் சொல்கிறான். இரு தரப்பும் சம்மதித்து மறைக்கும் குற்றத்தைச் சட்டத்தால் முன்கூட்டியே பிடிக்க முடியாது. அதனால் சட்டம் உள்ளே வருவதெல்லாம் குடும்பம் உடைந்த பிறகுதான். அல்லது, அல்லாஹ் காப்பாற்றுவானாக, பெண்ணின் ஜனாஸா வந்த பிறகு. நாட்டில் வரதட்சணை மரணம் என்று ஆண்டுக்கு 6,000-க்கும் மேற்பட்ட வழக்குகள் பதிவாகின்றன. அந்த நேரத்தில் கையில் இருக்கும் ஆதாரம் கல்யாண ஆல்பம் மட்டும்.

பெற்றோர் இன்னொரு காரணம் சொல்கிறார்கள். "நிறையப் போட்டு அனுப்பினால் என் மகளை அங்கே மரியாதையாக வைத்திருப்பார்கள்." இது ஒரு இன்ஷூரன்ஸ் மாதிரி. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, இல்லாவிட்டால் இத்தனை பேர் நம்ப மாட்டார்கள். பிளோக், விஜயேந்திர ராவ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் கர்நாடகத்தில் மூன்று கிராமங்களில் ஆராய்ந்து 2002-இல் எழுதினார்கள். குறைவாகக் கொண்டு வந்த பெண்கள் அடிபட்டது உண்மை. ஆனால் வசதியான வீட்டிலிருந்து வந்த பெண்களும் அடிபட்டார்கள். காரணம், அடித்தால் பிறந்த வீட்டிலிருந்து இன்னும் வரும் என்று கணவனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அதிகம் கொடுப்பதால், நம்மிடம் இன்னும் இருக்கிறது என்று நாமே அறிவிக்கிறோம். நிக்காஹ் முடிந்த பிறகு பேரத்தில் நம் கை இன்னும் தாழ்ந்துவிடுகிறது. பெண் அங்கே இருக்கிறாள். முதல் பெருநாள் சீர், தலைப் பிரசவம், பிள்ளைக்குப் பெயர் வைப்பது, சுன்னத் என்று வரிசையாக வருவதை யாராலும் மறுக்க முடிவதில்லை.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறேன். தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

அந்த உதாரணக் குடும்பத்தில் வாப்பா வஃபாத்தாகிறார். வீட்டின் மதிப்பு 32 லட்சம். கடன்கள் எல்லாம் அடைந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். சூரா அந்நிஸா சொல்லும் பங்குப்படி, உம்மாவுக்கு எட்டில் ஒன்று, 4 லட்சம். மீதி 28 லட்சத்தில் மகனுக்கு இரண்டு பங்கு, மகள்களுக்கு ஒவ்வொரு பங்கு. மகனுக்கு 14 லட்சம், மகள்களுக்கு ஆளுக்கு 7 லட்சம். இது அல்லாஹ் விதித்த ஹக்.

நடப்பது என்ன? வீட்டை மகன் பெயருக்கு மாற்ற வேண்டும் என்று விடுதலைப் பத்திரம் எழுதுகிறார்கள். சகோதரிகள் கையெழுத்துப் போடுகிறார்கள். "உனக்குத்தான் 16 லட்சம் செய்தாகிவிட்டதே, உன் பங்கைவிட அதிகம் வாங்கிவிட்டாயே" என்கிறார்கள். மூத்தவளும் அதை நம்புகிறாள். அவளுக்கு உண்மையில் எவ்வளவு கிடைத்தது என்று பாருங்கள். ரொக்கம் 3 லட்சம் மாமனார் கைக்குப் போய், அவருடைய மகளின் கல்யாணத்தில் கரைந்தது. விருந்தும் சீரும் 3 லட்சம், அது ஊர் சாப்பிட்டது. 20 பவுனில் 12 பவுன் கணவரின் விசாவுக்காக அடகுக்குப் போய், மீட்க முடியாமல் ஏலத்தில் போனது. மிஞ்சியது 8 பவுன், 4 லட்சம். அந்த 4 லட்சத்துக்காக 7 லட்சத்தின் ஹக்கை விட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன்னை அதிகம் வாங்கியவள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.

சகோதரன் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஷார்ஜாவில் ஒரு அறையில் எட்டுப் பேரோடு படுத்து அனுப்பிய 4 லட்சம் அந்தக் கல்யாணத்தில் போயிருக்கிறது. மனைவியின் நகையையும் இழந்திருக்கிறான். அவன் செலவு செய்தது நிஜம். ஆனால் அது தங்கைக்கோ அக்காவுக்கோ போய்ச் சேரவில்லை, வேறொரு வீட்டுக்குப் போனது. மார்க்கச் சட்டப்படியும், வாரிசுப் பங்கு என்பது மவுத்துக்குப் பிறகுதான் உண்டாகிறது. வாப்பா உயிரோடு இருக்கும்போது செய்த கல்யாணச் செலவு அதற்கு முன்பணம் ஆகாது. இரண்டும் வெவ்வேறு கணக்கு.

கைக்கூலி நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு பெரிய தூண். கைக்கூலியை வைத்துப் பங்கை மறுக்கிறோம். பங்கு வராது என்று தெரிந்ததால், "கிடைப்பது கல்யாணத்தில் கிடைத்தால்தான்" என்று பெண்ணும் உம்மாவும் நகையை அதிகமாகக் கேட்கிறார்கள். ஒன்று மற்றதைத் தாங்கி நிற்கிறது. காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கையில் காத்தான்குடி போன்ற இடங்களில் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவது வழக்கம். வீடு கட்டித்தர வேண்டிய சுமை தகப்பனையும் சகோதரர்களையும் நசுக்குகிறது என்பது உண்மை. ஆனால் கொடுத்தது பெண்ணிடம் தங்குகிறது. அவளை யாரும் நடுத்தெருவில் நிறுத்த முடியாது. நம் பக்கம் சுமை அதேதான், தங்குவது மட்டும் இல்லை.

மஹர் விஷயத்தை ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். இத்தனை லட்சம் கைமாறும் கல்யாணத்தில் தஃப்தரில் சில ஆயிரம் ரூபாய் மஹர் எழுதுகிறோம். சிலர் பெண் வீட்டில் வாங்கிய ரொக்கத்திலேயே மஹர் நகையையும் வாங்கிவிடுகிறார்கள். பெண்ணின் வாப்பாவே தன் மகளுக்கு மஹர் கொடுத்த கதை இது.

கடைசியாக, கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளைப் பற்றிச் சொல்கிறேன். அன்பளிப்புப் பட்டியலுக்கு 1985-இல் தனியாக விதிகள் போட்டிருக்கிறார்கள். திருமணத்தின்போதோ, முடிந்தவுடன் இயன்ற விரைவிலோ எழுத வேண்டும். பொருள் என்ன, தோராயமான மதிப்பு என்ன, கொடுத்தவர் யார், அவர் என்ன உறவு என்று இருக்க வேண்டும். மணமகளுக்கு வந்ததை மணமகளும், மணமகனுக்கு வந்ததை மணமகனும் வைத்திருக்க வேண்டும். இரண்டிலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஆறாவது பிரிவு இன்னும் முக்கியம். வரதட்சணையாக யார் கையில் எது போயிருந்தாலும், நிக்காஹுக்கு முன் வாங்கியது என்றால் நிக்காஹ் நாளிலிருந்தும், நிக்காஹிலோ பிறகோ வாங்கியது என்றால் வாங்கிய நாளிலிருந்தும் மூன்று மாதத்துக்குள் அதைப் பெண்ணிடம் ஒப்படைத்தாக வேண்டும். அதுவரை அது அவளுக்கான அமானிதம்தான். மாமனார் கைக்குப் போன அந்த 3 லட்சமும் இதில் அடங்கும். "பாக்கி இரண்டு பவுன் இருக்கிறது" என்று பின்னால் கேட்பவருக்கு ஐந்தாவது பிரிவு பதில் சொல்கிறது: அப்படிப்பட்ட ஒப்பந்தமே செல்லாது.

பட்டியல் எழுதினால் கைக்கூலி நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. கேட்டு வாங்கியதை அன்பளிப்பு என்று எழுதுகிற ஆளும் இருப்பார். ஆனால் ரொக்கம் 3 லட்சம் என்று எழுதி, பெறுபவர் என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட எத்தனை மாமனார் முன்வருவார்? எழுதத் தயங்குவது எதுவோ அதுதான் கைக்கூலி. பேச்சுவார்த்தையின்போதே "பட்டியல் எழுதுவோம்" என்று பெண் வீட்டார் சொல்லிப் பாருங்கள். எதிர்த் தரப்பின் முகத்தில் பாதிப் பதில் தெரிந்துவிடும். பிற்காலத்தில் பங்குக் கணக்கு வரும்போதும், அந்தப் பெண் கையில் என்ன வந்தது, என்ன வரவில்லை என்பதற்கு ஒரு காகிதம் இருக்கும்.

நம் டிரஸ்ட்டின் குமர் உதவிக்கு மனுச் செய்கிறவர்களுக்கு இந்த மாதம் முதல் மூன்று விஷயங்கள் கேட்கப்படும். நகை வாங்கினால் ரசீது மணமகளின் பெயரில் இருக்க வேண்டும். பட்டியலின் நகல் ஒன்று நம் அலுவலகத்தில் இருக்கும். ரொக்கமாகக் கைமாறும் கல்யாணத்துக்கு டிரஸ்ட் பணம் தராது. அந்தப் பெண்ணுக்குத் தையல் மிஷினோ படிப்புக் கட்டணமோ தேவை என்றால் தனி மனு கொடுக்கலாம். இது கல் நெஞ்சம் என்று ஒரு பெரியவர் என்னிடம் வருத்தப்பட்டார். அவருக்கு நான் சொன்னது: நாம் ஐம்பதாயிரம் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் கேட்பது ஐம்பதாயிரம் ஏறுகிறது, பெண்ணுக்கு ஒன்றும் ஏறுவதில்லை. அவர் யோசித்துச் சொல்கிறேன் என்று போயிருக்கிறார்.

பட்டியல் படிவம் அலுவலகத்தில் இஷாவுக்குப் பிறகு கிடைக்கும். இரண்டு பிரதிகள் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று மணமகளுக்கு, ஒன்று மணமகனுக்கு. பங்குக் கணக்குப் பார்க்க வேண்டியவர்கள், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் வாருங்கள். போட்ட பிறகு வந்தால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.